தெளிவான ஏழு நாள் நோட்டீஸ்: கொடுத்த நாளும் கூட்ட நாளும் ஏன் கணக்கில் வராது, எப்படி எண்ணுவது

சங்கத்தின் பைலாவிலோ கம்பெனியின் விதிகளிலோ "கூட்டத்துக்குத் தெளிவான ஏழு நாட்கள் முன்னறிவிப்பு தரப்பட வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். கூட்டத் தேதியிலிருந்து ஏழைக் கழித்து, அந்தத் தேதியில் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் புதிதாகப் பொறுப்புக்கு வரும் பெரும்பாலான செயலாளர்கள் நினைக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் ஒரு நாள் குறையும். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு யாராவது ஆட்சேபித்தால் கூட்டமும், அதில் நடந்த தேர்தலும், போட்ட தீர்மானங்களும் கேள்விக்குள்ளாகிவிடும்.

நான் செயலாளராக வந்தபோது முதல் வேலையாக என் தலையில் விழுந்தது, இப்படி ஒரு நாள் குறைந்துபோன பழைய கூட்டம் ஒன்றை மறுபடி கூட்டுவதுதான். யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். நீங்களும் அந்த அலைச்சல் படக்கூடாது என்பதற்காக, நான் இப்போது செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன். உதாரணம் எல்லாம் பொதுக்குழுக் கூட்டத்தை வைத்துத்தான். நீதிமன்ற விசாரணைக்கோ நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கோ தரும் நோட்டீஸிலும் "தெளிவான நாட்கள்" என்று இருந்தால் எண்ணும் முறை இதேதான்.

1. முதலில் விதியின் வாசகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

நினைவிலிருந்து வேலை செய்ய வேண்டாம். பைலாவில் அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். ஒரே "ஏழு நாள்" என்றாலும், முன்னும் பின்னும் என்ன சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

"தெளிவான ஏழு நாட்கள்" என்று நேராகவே இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. நோட்டீஸ் சேரும் நாள், கூட்ட நாள் என்ற இரண்டு முனையும் வெளியே. "ஏழு நாட்களுக்குக் குறையாமல்" என்று இருந்தாலும் பொதுவாக அதே கணக்குதான். இங்கிலாந்தில் 1936-இல் ஹெக்டர் வேலிங் என்ற கம்பெனி தொடர்பான வழக்கில், 21 நாட்களுக்குக் குறையாத நோட்டீஸ் என்றால் நோட்டீஸ் சேரும் நாளும் கூட்ட நாளும் நீங்கலாக 21 நாட்கள் என்று நீதிமன்றம் சொன்னது. நாகர்கோவில் நகராட்சிக்கும் பயனியர் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், "ஒரு மாதத்துக்குக் குறையாத" அவகாசம் என்பது முழுதாக ஒரு மாதம் என்று இந்திய உச்ச நீதிமன்றமும் கொண்டது. ஆகவே "தெளிவான" என்ற சொல் இல்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

"ஏழு நாட்களுக்குள்" என்று இருந்தால் கதை வேறு. அது ஒருவர் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கத் தரும் கெடு. அதில் பொதுவாக முதல் நாள் மட்டும் விலகும், கடைசி நாள் கணக்கில் வரும். பதில் தாக்கல் செய்வது, கட்டணம் கட்டுவது எல்லாம் இந்த வகை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு வருகிறது. கெடுவுக்கு எண்ணிப் பழகியவர் அதே கணக்கைக் கூட்ட நோட்டீஸுக்கும் போட்டுவிடுகிறார்.

விதியிலேயே எப்படி எண்ண வேண்டும் என்று விளக்கம் இருந்தால், நான் மேலே சொன்னதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அந்த விளக்கத்தின்படி நடங்கள். விளக்கம் இல்லை, வாசகமும் மங்கலாக இருக்கிறது என்றால் தெளிவான நாட்கள் என்றே எடுத்துக்கொண்டு எண்ணுங்கள். ஒரு நாள் முன்னதாகக் கொடுத்ததற்காக யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.

2. ஏன் இரண்டு நாளும் வெளியே என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இது புரிந்துவிட்டால் மீதிக் கணக்கு தானாக வரும். புரியாவிட்டால் ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த மாதிரிக் கணக்கில் சட்டம் நாளைத் துண்டு போடுவதில்லை. நள்ளிரவிலிருந்து மறு நள்ளிரவு வரை ஒரு முழு நாள். அரை நாள், கால் நாள் என்று எதுவும் கிடையாது. நோட்டீஸ் காலை 9 மணிக்கு வந்ததா, இரவு 9 மணிக்கு வந்ததா என்று ஒவ்வொரு உறுப்பினருக்கும் மணி பார்த்துக் கணக்குப் போட முடியாது என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு.

சரி, துண்டு நாள் இல்லையென்றால் நோட்டீஸ் வந்த நாளை என்ன செய்வது? ஒன்று, அதை முழு நாளாக எண்ண வேண்டும். இல்லையென்றால் எண்ணாமலே விட வேண்டும். இரவு 9 மணிக்கு நோட்டீஸ் வாங்கியவருக்கு அன்று மிச்சம் இருப்பது மூன்று மணி நேரம். அதை ஒரு முழு நாளாக அவர் கணக்கில் வைத்தால், அவருக்கு உரிய அவகாசத்தில் 21 மணி நேரத்தை எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். கூட்ட நாளிலும் இதே சிக்கல்தான். கூட்டம் காலை 10 மணிக்கு என்றால் அந்த நாளில் அவருக்குக் கிடைப்பது பத்து மணி நேரம், அதிலும் பாதி தூக்கத்தில் போய்விடும். அதனால் இரண்டு துண்டு நாட்களையும் எண்ணாமல் விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் முழு நாட்களை மட்டும் எண்ணுகிறார்கள். அப்போது நோட்டீஸ் எந்த மணிக்கு வந்திருந்தாலும், கூட்டம் எந்த மணிக்கு நடந்தாலும், ஏழு முழு நாட்கள், அதாவது 168 மணி நேரம், ஒருவருக்கும் குறையாது.

எண்களை வைத்துப் பாருங்கள். கூட்டம் 2025 ஜூன் 15, ஞாயிறு, காலை 10 மணிக்கு. ஓர் உறுப்பினர் வீட்டில் எப்போதும் இரவு 9 மணிக்குத்தான் ஆள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனைகளையும் எண்ணினால் ஜூன் 9 இரவு கொடுத்தாலே "ஏழு நாள்" வந்துவிடும்: 9 முதல் 15 வரை. ஆனால் அவருக்கு உண்மையில் கிடைப்பது ஐந்து நாளும் 13 மணி நேரமும். ஒரு முனையை மட்டும் விட்டுவிட்டு, ஜூன் 8 இரவு கொடுத்தால் ஆறு நாளும் 13 மணி நேரமும். இரண்டையும் விட்டு ஜூன் 7 இரவு கொடுத்தால்தான் ஏழு நாளைத் தாண்டி 13 மணி நேரம் வருகிறது. மூன்றில் கடைசிக் கணக்கு மட்டும்தான் விதி சொன்ன ஏழு நாளைக் குறையாமல் தருகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 168 மணி நேரம் என்பது விளைவு, அளவுகோல் இல்லை. ஜூன் 8 காலை 9 மணிக்கு நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டு, "15-ஆம் தேதி 10 மணிக்குள் 169 மணி நேரம் ஆகிவிட்டதே" என்று வாதாடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அது செல்லாது. 8-க்கும் 15-க்கும் நடுவில் இருக்கும் முழு நாட்கள் ஆறுதான். மணிக்கணக்கைப் பேச ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

3. நாட்காட்டியில் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கூட்டத் தேதியை வட்டமிடுங்கள். அதை எண்ணாமல், முந்தைய நாளிலிருந்து பின்னோக்கி ஏழு கட்டங்களைக் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்: 14, 13, 12, 11, 10, 9, 8. இந்த ஏழும் யாரும் தொடக்கூடாத நாட்கள். அதற்கும் முந்தைய கட்டம், ஜூன் 7 சனிக்கிழமை, நோட்டீஸ் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு, அதற்கு முந்தைய வாரத்தின் சனிக்கிழமை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கூட்டம் என்ன கிழமையோ, முந்தைய வாரம் அதே கிழமைக்கும் ஒரு நாள் முன்னால். "போன ஞாயிறு கொடுத்தேன், இந்த ஞாயிறு கூட்டம்" என்று யாராவது சொன்னால் உடனே தெரிந்துகொள்ளுங்கள், ஒரு நாள் குறைகிறது.

கணினியில் அட்டவணை வைத்திருப்பவர்களுக்கு: A2 கட்டத்தில் கூட்டத் தேதி, B2-வில் தேவையான தெளிவான நாட்கள், C2-வில் நோட்டீஸ் சேர்ந்த தேதி என்று வையுங்கள். முதல் சூத்திரம் கடைசி நாளைத் தரும். இரண்டாவது, உண்மையில் எத்தனை தெளிவான நாட்கள் கிடைத்தன என்று காட்டும்.

```
=A2-B2-1
=A2-C2-1
```

கூட்டம் மாதத் தொடக்கத்தில் வந்தால் இந்தச் சூத்திரம் ரொம்ப உதவும். 2026 மார்ச் 4-இல் கூட்டம் என்றால் கடைசி நாள் பிப்ரவரி 24. மனக்கணக்கில் பிப்ரவரிக்கு 30 நாள் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஞாயிறும் விடுமுறை நாட்களும் எண்ணிக்கையில் வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். வரும். தெளிவான நாள் வேறு, வேலை நாள் வேறு. விடுமுறையை விலக்க வேண்டுமானால் விதி அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். இங்கிலாந்தின் சிவில் நடைமுறை விதிகள் இதற்கு நல்ல உதாரணம். நாள் கணக்கில் சொல்லும் கெடுவையெல்லாம் அவை தெளிவான நாட்களாகவே எண்ணச் சொல்கின்றன. கூடவே, காலம் ஐந்து நாள் அல்லது அதற்கும் குறைவு என்றால் சனி, ஞாயிறு, பொது விடுமுறை எதையும் எண்ணக்கூடாது என்கின்றன. ஏழு நாளுக்கு அந்தச் சலுகை இல்லை. உங்கள் விதியில் இப்படி ஏதாவது தனி வரி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

4. நோட்டீஸ் "சேர்ந்த நாள்" எது என்று முடிவு செய்யுங்கள்

எண்ணுவது சுலபம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் உண்மையான சண்டை. நோட்டீஸின் தலைப்பில் போட்ட தேதிக்கு இதில் ஒரு மதிப்பும் இல்லை. 2-ஆம் தேதி என்று அச்சடித்து, 6-ஆம் தேதி தபாலில் போட்டு, 9-ஆம் தேதி கிடைத்த நோட்டீஸை "பதிமூன்று நாள் முன்னாலேயே கொடுத்தோம்" என்று சொல்ல முடியாது.

கையில் கொடுத்தால் கொடுத்த நாள்தான் சேர்ந்த நாள். தபாலில் அனுப்பும்போது, பைலாவில் "சேர்ந்ததாகக் கொள்ளப்படும்" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக, தபாலில் போட்டு 48 மணி நேரம் கழிந்தால் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று இருக்கலாம். நம் கூட்டத்துக்கு, ஜூன் 5 வியாழன் மாலை 4 மணிக்குத் தபாலில் போட்டால் 7-ஆம் தேதி மாலை 4 மணிக்குச் சேர்ந்ததாகும். சரியாக உள்ளே வந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குப் போட்டால் 8-ஆம் தேதி. போச்சு. பத்தொன்பது மணி நேரம் முன்னேபின்னே ஆனதில் ஒரு நாள் முழுசாகக் கைவிட்டுப் போகிறது, ஏனென்றால் அந்த நேரத்துக்குள் ஒரு நள்ளிரவு கூடுதலாக விழுந்துவிட்டது.

அப்படி ஒரு வாசகமே இல்லையென்றால், தபால் வழக்கமாக எத்தனை நாளில் போய்ச் சேருமோ அத்தனை நாளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் உறுப்பினர்களுக்கு அதிகமாகவே சேருங்கள். கணக்கு, கடைசியாக நோட்டீஸ் பெறும் உறுப்பினரை வைத்துத்தான். 200 பேருக்கு 7-ஆம் தேதியே கிடைத்து, ஒருவருக்கு 8-ஆம் தேதி கிடைத்தால் அந்த ஒருவரைப் பொறுத்தவரை நோட்டீஸ் குறைதான். ஆட்சேபிக்கப் போவதும் பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.

மின்னஞ்சலிலும் வாட்ஸப்பிலும் அனுப்பும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த வழியில் அனுப்ப விதி அனுமதிக்கிறதா என்பது ஒன்று. மாலைக்கு மேல் அனுப்பினால் எந்த நாள் கணக்கு என்பது இன்னொன்று. சற்று முன் சொன்ன இங்கிலாந்து விதிகளில், வழக்கு ஆவணங்களை வேலை நாளில் மாலை 4.30-க்குப் பிறகு மின்னஞ்சலில் அனுப்பினால் அடுத்த வேலை நாளில்தான் சேர்ந்ததாகக் கொள்வார்கள். உங்கள் விதியில் அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், கடைசி நாள் இரவு 11 மணிக்கு அனுப்பும் பழக்கம் வேண்டாம். நள்ளிரவைத் தாண்டி எதிர்முனையில் பதிவானால் நிரூபிப்பது உங்கள் பாடு.

5. தேதியைப் பின்னோக்கித் திட்டமிடுங்கள்

இவ்வளவும் தெரிந்த பிறகு வேலையை இப்படி அமைத்துக்கொள்ளலாம். ஜூன் 15 கூட்டத்துக்கு, சேர வேண்டிய கடைசி நாள் 7. தபாலுக்கு இரண்டு நாள் தள்ளினால் 5. எதிர்பாராத விடுமுறை, திரும்பி வரும் கவர் போன்றவற்றுக்கு இன்னும் மூன்று நாளாவது தள்ளி, ஜூன் 2 திங்களன்று தபாலில் போட்டுவிடுங்கள். அப்படியானால் நிகழ்ச்சிநிரல் மே மாதக் கடைசி வாரத்திலேயே முடிவாகி, அச்சாகி, கவரில் முகவரி ஒட்டியாக வேண்டும். ஏழு நாள் நோட்டீஸ் என்றால் உங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று வார வேலை.

செலவும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஸ்பீட் போஸ்ட் சாதாரணத் தபாலைவிட அதிகம் பிடிக்கும், ஆனால் ரசீது கிடைக்கும். எல்லோருக்கும் ஸ்பீட் போஸ்ட் அனுப்பக் கட்டுப்படியாகாவிட்டால், உள்ளூர் உறுப்பினர்களுக்கு ஆள் மூலம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், மற்றவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்புங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதைத் தேதிக் கணக்கைச் சரிபார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் செல்லாமல் போனால் அச்சு, தபால், மண்டபம் மூன்றுக்கும் மறுபடி முதலிலிருந்து செலவு.

6. அனுப்பிய பிறகு எதையும் மாற்றாதீர்கள்

நோட்டீஸ் போனபின் "ஒரு தீர்மானம் விட்டுப்போச்சு, சேர்த்துக்கலாமா" என்று நிர்வாகக் குழுவில் யாராவது கேட்பது வழக்கம். சேர்க்கலாம், ஆனால் துணை நோட்டீஸுக்கும் அதே ஏழு நாள் தனியாக ஓட வேண்டும். ஜூன் 10-இல் அனுப்பும் துணை நோட்டீஸ் 15-ஆம் தேதிக் கூட்டத்துக்கு ஆகாது. கூட்டத் தேதியை முன்னால் இழுத்தாலும் அப்படித்தான். பழைய நோட்டீஸ் 16 நாள் முன்னால் போயிருந்தாலும், புதிய தேதியைச் சொல்லும் நோட்டீஸ் எப்போது சேர்ந்தது என்பதுதான் பேச்சு.

7. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

விதியின் நகல், நோட்டீஸின் கையெழுத்திட்ட பிரதி, அன்றைய தேதியில் இருந்த உறுப்பினர் பட்டியல், முகவரிகளோடு. தபால் ரசீதுகளைப் பட்டியலின் வரிசை எண்ணோடு ஒட்டி வையுங்கள். தனித்தனியாக ஒரு கவரில் போட்டு வைத்தால் தேவைப்படும் நேரத்தில் எது யாருடையது என்று தெரியாது. ஆள் மூலம் கொடுத்ததற்குக் கையெழுத்துப் புத்தகத்தில் பெயர், கையெழுத்து, தேதி. இதில் தேதியை வாங்குபவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து இருக்கும், தேதி இருக்காது. நான் பார்த்த பழைய கோப்புகளில் அடிக்கடி காணும் குறை இது. திரும்பி வந்த கவர்களைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அஞ்சல் முத்திரைதான் அதில் சாட்சி.

8. கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தால்

வாக்குவாதம் வேண்டாம். கோப்பைத் திறந்து அவருக்கு நோட்டீஸ் சேர்ந்த தேதியைப் பாருங்கள், கூட்டத் தேதியிலிருந்து அதைக் கழித்து, இன்னொரு ஒன்றைக் கழியுங்கள். ஏழோ அதற்கு மேலோ வந்தால் ஆட்சேபணையையும் உங்கள் கணக்கையும் நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிவிட்டுக் கூட்டத்தை நடத்துங்கள்.

ஆறு வந்தால், குறைந்த அவகாசத்தில் கூட்டம் நடத்த விதி எந்த நிபந்தனையில் அனுமதிக்கிறது என்று பாருங்கள். சில விதிகளில் உறுப்பினர்கள் எழுத்தில் சம்மதித்தால் போதும், எத்தனை பேர் என்பதும் அங்கேயே இருக்கும். வந்திருப்பவர்கள் கை தூக்கிச் சம்மதித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வராதவருக்கும் அந்த ஏழு நாள் உரிமை உண்டு, அவர் வராததற்கே அந்தக் குறைதான் காரணமாக இருக்கலாம். அப்படி ஒரு வழி விதியில் இல்லையென்றால் தேர்தலையோ கணக்கு ஒப்புதலையோ எடுக்காமல், அங்கேயே புதிய தேதியை முடிவு செய்து, புது நோட்டீஸ் அனுப்புங்கள். குறைபட்ட கூட்டத்தை "ஒத்திவைக்கிறோம்" என்று அறிவித்து, பழைய நோட்டீஸையே தொடர்ச்சியாகக் காட்டப் பார்ப்பது ஆபத்து. ஜூன் 15 அன்று மாலையே புது நோட்டீஸைக் கையில் கொடுக்க முடிந்தாலும், எல்லோருக்கும் அன்றே சேர்ந்தால் கூட்டம் நடத்தக்கூடிய முதல் நாள் 23, திங்கள்கிழமை. ஞாயிறுதான் வசதி என்றால் 29. தபாலில் அனுப்ப வேண்டியவர்கள் இருந்தாலும் 29-க்குள் தாராளமாக நாள் இருக்கிறது, அதனால் நேராக அந்தத் தேதிக்கே போட்டுவிடுங்கள்.